"இதயத்துக்கு நல்லது" என்று விழுங்கும் ஆஸ்பிரின்: கோத்தகிரி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. மாதா மாதம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் அட்டையை வாங்கிச் செல்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் அவற்றை எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். முதலில் இரண்டாம் கேள்வியைப் படியுங்கள், பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

"இந்தச் சின்ன மாத்திரை ரத்தத்தைத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும் என்கிறார்களே அக்கா, உண்மையா?"

ஆக்காது. மாத்திரை போடுபவரின் ரத்தமும் போடாதவரின் ரத்தமும் ஒரே அடர்த்தியில்தான் ஓடுகின்றன. ஆஸ்பிரின் மாற்றுவது தட்டணுக்களை. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்புப் போடுகிற நுண்ணிய துணுக்குகள் அவை. ஒட்டுவதற்கு ஒன்றையொன்று கூப்பிட ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். அதைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் புது நொதியை உருவாக்கிக்கொள்ள வழியில்லை. ஏழு முதல் பத்து நாள் வரையிலான தன் ஆயுள் முழுவதும் அது ஊமையாகவே சுற்றி வரும். மருந்து ரத்தத்திலிருந்து சீக்கிரமே மறைந்துவிடும், அது போட்ட பூட்டு மறையாது.

அதே நொதி இரைப்பையிலும் இருக்கிறது. அமிலம் சுவரை அரிக்காதபடி மேலே ஒரு வழுவழுப்பான படலத்தைக் காத்து வருவது அதன் வேலை. இதயக் குழாயில் ரத்தக்கட்டி உருவாவதைக் குறைக்கும் அதே செயல் வயிற்றில் புண்ணுக்கு வழி திறக்கிறது. புண் வந்துவிட்டால் அதை அடைக்க வேண்டிய தட்டணுக்களும் ஊமையாக இருக்கும். நல்லதும் கெட்டதும் ஒரே கதவு வழியாக வருகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும்.

"எனக்கு மாரடைப்பு வந்ததில்லை. வராமல் இருக்கப் போடுகிறேன். எதிர் வீட்டு அண்ணனும் போடுகிறார். இரண்டும் ஒன்றுதானே?"

இல்லை. எதிர் வீட்டு அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை மாரடைப்பு வந்தவர், ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர், ரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தவர், சில நிமிடம் கை கால் மரத்துப் பேச்சுக் குழறி மீண்டவர், கால் குழாயில் அடைப்பு என்று சொல்லப்பட்டவர் ஆகியோருக்கு நோய் ஏற்கெனவே வந்துவிட்டது. மறுமுறை வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால் அவர்களுக்கு ஆஸ்பிரினால் கிடைக்கும் லாபமும் பெரியது. அவர்கள் இந்தப் பக்கத்தை இத்துடன் மூடிவிடலாம். மாத்திரையை விடக் கூடாது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் அதே இடத்தில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

கீழே வருவதெல்லாம் இப்படி எதுவுமே வராதவர்களுக்கு, அதாவது முதல் தடவை வராமல் தடுக்கவென்று போடுபவர்களுக்கு. இன்னொரு விதிவிலக்கும் உண்டு. கர்ப்பிணிகள் சிலருக்கு ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கச் சில மாதங்களுக்கு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். அந்தக் கணக்கே வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

"முன்பு டாக்டர்களே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது அவர்களே வேண்டாம் என்றால் யாரை நம்புவது?"

அன்று சொன்னதற்கும் ஆதாரம் இருந்தது. அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். பாதிப்பேர் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பிரின் போட்டார்கள், பாதிப்பேர் வெற்று மாத்திரை. 1989இல் முடிவு வெளிவந்தபோது வெற்று மாத்திரைக்காரர்களில் 239 பேருக்கும் ஆஸ்பிரின்காரர்களில் 139 பேருக்கும் மாரடைப்பு வந்திருந்தது. இதய நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கடைசி வரியை ஊர் உலகம் மறந்துவிட்டது.

பிறகு காலம் மாறியது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் பரவலாயின, ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்துகள் வந்தன, பல நாடுகளில் புகைபிடிப்பவர்கள் குறைந்தார்கள். குழாயில் கட்டி விழும் வாய்ப்பே குறைந்துவிட்டதால் ஆஸ்பிரின் காப்பாற்ற வேண்டிய ஆட்களும் குறைந்தார்கள். ரத்தக்கசிவு மட்டும் பழைய அளவிலேயே நின்றது. 2018இல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக இதையே காட்டின. மருத்துவர்கள் பேச்சு மாறவில்லை, தராசின் ஒரு தட்டில் இருந்த எடை குறைந்துவிட்டது.

"நன்மை எவ்வளவு, கெடுதல் எவ்வளவு? கணக்காகச் சொல்லுங்கள்."

முதியவர்களுக்கான கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் அந்த வயது. 2018இல் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலுமாக 19,114 பேர், பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள், இதய நோய் இல்லாதவர்கள். தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் அல்லது வெற்று மாத்திரை, ஏறக்குறைய ஐந்து ஆண்டு.

அப்படிப்பட்ட ஆயிரம் பேரை ஓர் ஆண்டுக்குப் பார்த்தால், மாத்திரை இல்லாதபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 11.3 பேருக்கு வந்தன, ஆஸ்பிரினோடு 10.7 பேருக்கு. ஆயிரத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை, அந்தச் சிறு வித்தியாசமும் தற்செயலாக இருக்கலாம். பெரிய ரத்தக்கசிவு 6.2 பேரிலிருந்து 8.6 பேராகக் கூடியது. இது தற்செயல் அல்ல. ஐந்து ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஆயிரம் பேரில் அதிகம் போனால் மூவர் தப்பிக்கலாம், பன்னிரண்டு பேர் கூடுதலாக ரத்தம் கசிந்து மருத்துவமனை போவார்கள். மீதிப்பேருக்கு மாத்திரை போட்டதும் போடாததும் ஒன்றே.

"மாரடைப்பு வந்தால் உயிரே போகும். ரத்தம் கசிந்தால் ஏற்றிக்கொள்ளலாமே? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா?"

கேட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். நியாயமான கேள்வி. வயிற்றுக் கசிவில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், மாரடைப்பில் செத்துப்போன தசை திரும்புவதில்லை. அந்த வகையில் ஒரு மாரடைப்பையும் ஒரு கசிவையும் சம எடையாக வைக்கக் கூடாதுதான். ஆனால் எல்லாக் கசிவும் வயிற்றில் நடப்பதில்லை. முதியவர்களிடம் மூளைக்குள் கசிவதும் ஆஸ்பிரினால் கூடியது. அது பக்கவாதத்துக்கு இளைத்ததல்ல.

என் மாமனாரின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு ரத்த அழுத்தம் மட்டும் உண்டு, இதயக் கோளாறு எதுவும் இல்லை. அறுபது வயதில் ஒரு மருத்துவ முகாமில் ஈ.சி.ஜி. எடுத்து, "பாதுகாப்புக்கு" என்று சீட்டில் ஆஸ்பிரின் எழுதினார்கள். பதினொரு ஆண்டு அந்தச் சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, நானும்தான். எழுபத்தொன்றில் முழங்கால் வலி என்றார். என் கடையிலிருந்தே டைக்ளோஃபெனாக் மாத்திரை கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் இருபத்தேழு படிகளில் இரண்டு இடத்தில் உட்கார ஆரம்பித்தார். வயதாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். ஒரு காலை கழிப்பறையில் மயங்கி விழுந்தார். மலம் தார் போல இருந்தது. முந்திய ஆண்டு 14.1 இருந்த ஹீமோகுளோபின் அன்று 7.4.

நவம்பர் மாதம். மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் மரம் விழுந்து இரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸ் நின்றது. கீழே போய் எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பையில் இரண்டு புண்கள். மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டார். சமவெளியில் இருப்பவருக்கு "ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம்" என்பது அரை மணி நேரப் பேச்சு. மலையில் இருப்பவர் அதோடு கொண்டை ஊசி வளைவுகளையும் மழையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். மாரடைப்புக்கும் அதே பாதைதான் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். சரிதான். அதனால்தான் முந்திய பதிலின் எண்களுக்குத் திரும்புகிறேன்: எழுபது வயதில் நாம் விலை கொடுத்து வாங்குவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத ஒரு லாபம்.

"மலம் கறுப்பாகப் போனாலே ரத்தக்கசிவா? எனக்கு அடிக்கடி அப்படித்தான் போகிறது."

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதனால் வரும் கறுப்பு பச்சை கலந்திருக்கும், கெட்டியாக இருக்கும், நாற்றத்தில் பெரிய மாற்றம் தெரியாது. வயிற்றில் கசிந்த ரத்தம் அமிலத்தில் வெந்து வருவதால் பளபளப்பாக, பிசுபிசுவென்று, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். கூடவே தலை சுற்றல், வியர்வை, எழுந்தால் கண் இருட்டுதல் இருந்தால் அன்றே மருத்துவமனை. காபித் தூள் போன்ற வாந்தியும் அப்படியே.

மெதுவாகக் கசிவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வலி இருக்காது, மலத்தின் நிறமும் மாறாது. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, கண்ணிமையின் உட்புறம் வெளுப்பது, காரணமில்லாத சோர்வு, அவ்வளவுதான். இதில் மலைவாசிகளுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் நமக்கு ஹீமோகுளோபின் சமவெளிக்காரர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. பதினாலரை இருந்தவருக்குப் பன்னிரண்டரை ஆனால் ஆய்வகச் சீட்டு அதை ஏறக்குறையச் சரி என்றே காட்டலாம். பழைய சீட்டோடு ஒப்பிட்டால்தான் இறங்கியது தெரியும். எனவே பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

"அப்படியானால் யார் கண்டிப்பாக நிறுத்த வேண்டும்?"

இரண்டாம் பதிலில் சொன்ன நோய்கள் எதுவும் இல்லாமல் எழுபதைத் தாண்டியவர்கள் முதலில். 2019இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் எழுபதுக்கு மேல் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றன. 2022இல் அங்குள்ள தடுப்புச் சேவைப் பணிக்குழு இன்னும் கடுமையாக, அறுபதுக்கு மேல் புதிதாகத் தொடங்கவே வேண்டாம் என்றது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுபத்தைந்து வாக்கில் நிறுத்துவதை யோசிக்கலாம் என்றும் சொன்னது. அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் ஏற்கெனவே போடுபவர் தன் கசிவு வாய்ப்பைப் பார்த்து மருத்துவரோடு முடிவு செய்ய வேண்டியதுதான். சட்டம் மாதிரி ஒரு தேதி கிடையாது.

வயது எதுவானாலும் நிறுத்த வேண்டியவர்கள் வேறொரு கூட்டம்: முன்பு வயிற்றுப்புண்ணோ ரத்தவாந்தியோ வந்தவர்கள், தட்டணு குறைந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், ஸ்டீராய்டோ, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் வகை மருந்தோ சாப்பிடுபவர்கள், தினமும் குடிப்பவர்கள், அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள். கடைசியில் சொன்னவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தம் 180க்கு நிற்கும்போது ஆஸ்பிரின் போடுவது, மூளைக்குள் ஒரு குழாய் வெடித்தால் அடைபடாமல் பார்த்துக்கொள்வதற்குச் சமம். ஆனால் அழுத்த மாத்திரையைத் தவறவிட்டு ஆஸ்பிரினை மட்டும் ஒழுங்காக வாங்குபவர்களே அதிகம். காரணம் கேட்டால், "அது இதயத்துக்கு, இது வெறும் பிரஷருக்கு."

"எனக்கு 52 வயது, சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் போட்டே ஆக வேண்டும் என்றார்களே?"

போட்டே ஆக வேண்டும் என்பதில்லை, போடவே கூடாது என்பதும் இல்லை. இங்குதான் விடை உண்மையிலேயே நடுவில் நிற்கிறது. பிரிட்டனில் இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அசெண்ட் ஆய்வில், ஏழரை ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நூற்றுக்கு 9.6 பேரிலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 3.2இலிருந்து 4.1 ஆகக் கூடியது. ஆயிரம் பேரில் பதினொருவர் தப்பித்தார்கள், ஒன்பது பேர் கசிந்தார்கள். முதியவர்களின் கணக்கோடு ஒப்பிட்டால் இங்கே லாபம் மெய், நஷ்டமும் ஏறக்குறைய அதே அளவு.

உங்களுக்குப் புகைப் பழக்கமோ மிகுந்த கொழுப்போ இருந்து, வயிறு சுத்தமாக இருந்து, ஸ்டேட்டினும் அழுத்த மருந்தும் ஒழுங்காக நடந்தால் மருத்துவர் போடச் சொல்வதில் தவறில்லை. சிலருக்கு இதயக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சி.டி. எடுத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஒன்றும் படியாதவருக்கு ஆஸ்பிரினால் கிடைப்பது மிகக் கொஞ்சம். என்னைக் கேட்டால், புகைபிடிப்பவர் ஆஸ்பிரின் வாங்கும் அன்றே பீடிக் கட்டையும் வாங்கினால் அந்த மாத்திரைக்குக் கொடுத்த பணம் வீண். இதை முகத்துக்கு நேரே சொல்லிச் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன்.

"கொழுந்து பறித்து இடுப்பு வலி. வலி ஊசியும் இதுவும் சேர்ந்தால் என்ன?"

என் மாமனாருக்கு நடந்ததுதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் முதல் பதிலில் சொன்ன அதே வயிற்றுக் கதவைத் தட்டுபவை. இரண்டு சேர்ந்தால் கசிவு வாய்ப்பு பல மடங்கு. ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு வேலையில்லை என்று நினைப்பது தவறு, ரத்தம் வழியாக வந்தும் அந்தப் படலத்தை அது கெடுக்கும். ஐபுப்ரோஃபென் இன்னொரு வேடிக்கையும் செய்யும். ஆஸ்பிரின் போய்ப் பூட்ட வேண்டிய இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொண்டு, அதன் பயனையும் கெடுத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். ஆஸ்பிரின் போடுவதை ஊசி போடுபவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்க மாட்டார்.

"நான் வாங்குவது மேல்பூச்சு உள்ள மாத்திரை. வயிற்றில் கரையாது என்றார்கள். பிறகென்ன பயம்?"

மேல்பூச்சு நெஞ்செரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும். புண்ணைத் தடுக்காது, ஏனென்றால் கெடுதல் மாத்திரை தொடும் இடத்தில் மட்டும் நடப்பதில்லை, குடலில் கரைந்து ரத்தத்தில் கலந்த பிறகும் நடக்கிறது. மேலே சொன்ன ஆஸ்ப்ரீ ஆய்வில் கொடுத்ததும் மேல்பூச்சு மாத்திரைதான். பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை உண்மையிலேயே பலன் தரும், ஆனால் இரைப்பை வரைதான். குடலின் கீழ்ப்பகுதிக் கசிவுக்கோ மூளைக் கசிவுக்கோ அது கேடயம் ஆகாது. தேவையற்ற ஒரு மாத்திரையைக் காப்பாற்ற இன்னொரு மாத்திரை என்பது எனக்கு வியாபாரம், உங்களுக்குச் செலவு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அந்த இரண்டாவது மாத்திரை தேவைப்படலாம், அது வேறு.

"மார்கழிப் பனியில் ரத்தம் உறைந்துபோகும் என்று குளிர்காலத்துக்கு மட்டும் போடுகிறேன். சரியா?"

குளிரில் மாரடைப்பு கூடுவது உண்மை. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுவது அதற்கு முக்கியமான காரணம். அதற்கு மருந்து கம்பளியும் அழுத்த மாத்திரையும். அழுத்தம் ஏறிய மாதங்களில் மட்டும் பார்த்து ஆஸ்பிரின் போடுவது, முன்பு சொன்னபடி, மூளைக் கசிவுக்கு வாய்ப்பான நேரத்தைத் தேடிப் போவது. உயரத்தில் இருப்பதால் நமக்கு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுவதும் நோயல்ல, அதற்கு இந்த மாத்திரை மருந்தும் அல்ல. மிகவும் கூடியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"ஊட்டியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலத்தைத் தினமும் தேய்க்கிறேன். அதற்கும் ஆஸ்பிரினுக்கும் ஏதோ உறவு என்றார்களே?"

பங்காளி உறவு. நம் மலைகளில் விளையும் கால்தீரியா புதரின் இலையிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினும் சாலிசிலேட் குடும்பம். முழங்காலில் கொஞ்சம் தேய்ப்பதால் ஆபத்தில்லை. உடம்பு முழுக்க, நாள் முழுக்கத் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போகும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அப்படித் தேய்த்து ரத்தம் கசிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பெரிய ஆபத்து வேறு. அந்தப் புட்டியைக் குழந்தைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். உங்கள் 75 மில்லிகிராம் மாத்திரையில் தொண்ணூறுக்கு மேல். குழந்தையின் உயிரை எடுக்க அது போதும். நீலகிரித் தைலம் இந்தக் குடும்பம் இல்லை, ஆனால் அதையும் குடிக்கக் கூடாது.

"அட்டை கடித்தால் எனக்கு மணிக்கணக்கில் ரத்தம் நிற்பதில்லை. மாத்திரையை நிறுத்தும் நேரம் வந்துவிட்டதா?"

அட்டை தன் எச்சிலில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை வைத்திருக்கிறது. மாத்திரை போடாதவருக்கும் அந்தக் கடி வெகுநேரம் கசியும். ஆஸ்பிரின் போட்டால் இன்னும் கொஞ்சம் நீளும். கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து பதினைந்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பல் துலக்கும்போது தினமும் ரத்தம், அடிக்கடி மூக்கில் ரத்தம், அடிபடாமலே தொடையிலும் வயிற்றிலும் கன்றிப்போவது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரே நாளில் விடலாமா, பாதி பாதியாகக் குறைக்க வேண்டுமா?"

நோய் வராதவர் ஒரே நாளில் விடலாம். பாதியாக உடைக்கத் தேவையில்லை, ஏனென்றால் மருந்தே தானாக மெதுவாகத்தான் இறங்குகிறது. தினமும் பத்தில் ஒரு பங்கு புதுத் தட்டணுக்கள் பிறக்கும், பத்து நாளில் பழைய நிலை. ஆனால் அட்டையைப் பையிலிருந்து எடுக்கும் முன் சீட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள், காரணம் அடுத்த கேள்வியில். பல் பிடுங்குவதற்காக ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்துவதும் நடக்கிறது. அவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது.

"என் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஏவி' என்று இருக்கிறது. அதுவும் இதுதானே? நிறுத்திவிட்டேன்."

பதினைந்து நாளைக்கு முன் இதைச் சொன்ன அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். 'ஏவி' என்றால் ஒரே கேப்சூலுக்குள் ஆஸ்பிரினும் அடார்வாஸ்டாட்டினும் இருக்கின்றன. அடார்வாஸ்டாட்டின்தான் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின். ஆஸ்பிரின் வேண்டாதவருக்கும் அது வேண்டியிருக்கலாம். முதல் மாரடைப்பைத் தடுப்பதில் ஆஸ்பிரினைவிட ஸ்டேட்டினுக்கே கை ஓங்கி இருக்கிறது. அந்த அம்மா கெட்டதை விடுகிறேன் என்று நல்லதையும் சேர்த்து விட்டுவிட்டார். மருத்துவரிடம் அனுப்பினேன், தனி அடார்வாஸ்டாட்டின் எழுதிக்கொண்டு வந்தார்.

'கோல்ட்' என்று முடிந்தால் மூன்றாவதாகக் குளோபிடோக்ரல் என்ற இன்னொரு தட்டணு மருந்தும் உள்ளே இருக்கும். அதை எதுவும் வராதவருக்கு எழுதுவது வழக்கமில்லை. உங்களுக்கு எழுதியிருந்தால் பழைய கோப்பில் ஒரு காரணம் இருக்கும், தேடுங்கள்.

"மாத்திரைக்குப் பதிலாக மலைப்பூண்டு சாப்பிடட்டுமா?"

குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். மாரடைப்பைத் தடுக்கும் என்று வாங்க வேண்டாம்.

"நிறுத்திவிட்டேன். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் போட வீட்டில் ஒரு அட்டை வைத்திருக்கலாமா?"

வைத்திருங்கள். தினம் போடுவது வேறு, கட்டி விழுந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் போடுவது வேறு. நெஞ்சின் நடுவில் கல் வைத்தாற்போல் அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் முதலில் 108ஐக் கூப்பிடுங்கள். பிறகு, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ அண்மையில் வயிற்றுக் கசிவோ இல்லையென்றால், 300 மில்லிகிராம் அளவுக்குக் கடித்து மென்று விழுங்குங்கள். 75 மில்லிகிராம் மாத்திரையில் நான்கு. மேல்பூச்சு இருப்பதால் மெல்லாமல் விழுங்கினால் நேரம் போய்விடும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாட்டின் முதல் தவணையைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். மலையிறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும் ஊரில் அதன் அருமை தெரியும். நீங்கள் வீட்டில் என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் மட்டும் அந்த அட்டையைத் தொடாதீர்கள். அடைப்பா, கசிவா என்று தலை ஸ்கேன் எடுக்கும் வரை யாருக்கும் தெரியாது. என் மாமனார் சட்டைப் பையில் அந்த நான்கு மாத்திரைகள் இன்றும் இருக்கின்றன. அட்டையின் முதுகில் "நெஞ்சுக்கு மட்டும்" என்று பேனாவால் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.